வீடு உங்களுடையது, வரி ரசீது யார் பெயரில்?

வீடு வாங்கிப் பத்திரம் பதிந்து சாவியும் கைக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து நகராட்சியிலிருந்து சொத்து வரிக் கேட்பு வருகிறது. அதில் இருப்பது விற்றவரின் பெயர். சில வீடுகளில் விற்றவரின் பெயர்கூட இல்லை, இறந்துபோன அவருடைய அப்பாவின் பெயர். பெரும்பாலானோர் பணத்தைக் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். பெயர் தானாக மாறும் என்று ஒரு நம்பிக்கை. அப்படியே பத்து ஆண்டுகள் ஓடிவிடும். வங்கியில் கடன் கேட்கும்போதோ, மாடி கட்ட அனுமதி கேட்கும்போதோ, வீட்டை மறுபடி விற்கும்போதோதான் அந்தப் பெயர் எதிரே வந்து நிற்கும். அதற்குள் விற்றவர் ஊர் மாறியிருப்பார், அல்லது உயிரோடு இருக்க மாட்டார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. தமிழ்நாட்டில் பத்திரம் பதியும்போது நாம் கட்டும் 7 விழுக்காட்டில் 5 விழுக்காடு முத்திரைத் தீர்வை. மீதி 2 விழுக்காடு உள்ளாட்சி அமைப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சொத்து மாற்று வரி. அங்கேயே பட்டா மாறுதலுக்கும் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள், விவரம் வருவாய்த் துறைக்குப் போகிறது. நகராட்சிக்கும் பணம் கொடுத்தாயிற்றே, பட்டாவுக்கும் சொல்லியாயிற்றே என்று மனம் நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் பட்டா இருப்பது வட்டாட்சியர் அலுவலகத்தில். சொத்து வரிக் கணக்கு இருப்பது நகராட்சியின் வருவாய்ப் பிரிவில். மின் இணைப்பு மின்வாரியத்தில். ஒன்றில் பெயர் மாறியதால் மற்றொன்றில் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நகராட்சிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று நாமே பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால் நாமே கேட்க வேண்டும்.

கேட்பது நம் கடமையாகவும் இருந்துவந்திருக்கிறது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், சொத்து கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்காத வரையில் வரிக்கு விற்றவரும் பொறுப்பாளியாகவே நீடிப்பார். 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டப் புத்தகம் மாறினாலும் அந்த மூன்று மாதக் கணக்கு நல்ல கணக்கு. விற்றவர் தொடர்பில் இருக்கும்போதே, அவர் கையில் பழைய காகிதங்கள் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ள அது உதவும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் சிறிய நகராட்சி ஒன்றில் ஓட்டு வீடு வாங்கினார். அவருடைய வழக்கை விரிவாகச் சொல்கிறேன். பெயர் மாற்றத்தில் அடிக்கடி வருகிற சிக்கல் முழுவதும் அதில் இருக்கிறது. தேதிகளையும் எண்களையும் மட்டும் எடுத்துக்காட்டுக்காக மாற்றியிருக்கிறேன்.

வீட்டை விற்றவர் ஒருவர்தான். கிரயப் பத்திரம் 2023 ஜூன் மாதம் பதிவானது. செவிலியர் வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதினார்: இந்த வீட்டை நான் வாங்கிவிட்டேன், வரிப் பதிவேட்டில் என் பெயரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கிரயப் பத்திர நகலை இணைத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். சில வாரம் கழித்து பில் கலெக்டர் வீட்டுக்கு வந்தார்.

“அம்மா, உங்களுக்கு வித்தவர் பேரு எங்க ரிஜிஸ்டர்லயே இல்ல. அதுல இருக்கிறவரு வேற ஆளு. உங்க பத்திரத்துல அவரு பேருக்குக் கீழ கையெழுத்தும் இல்ல. நான் எப்படி மாத்தி எழுதுறது?”

பதிவேட்டில் இருந்தது விற்றவரின் தகப்பனார் பெயர். அவர் 2015இல் காலமாகிவிட்டார். மகன் அதன் பிறகு எட்டு ஆண்டுகள் அப்பா பெயரிலேயே வரி கட்டி வந்திருக்கிறார். வரி ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் அலுவலகத்திலும் யாரும் கேட்கவில்லை. செவிலியர் கோபப்பட்டார். பதிவுத் துறை சரிபார்த்துப் பதிந்த பத்திரத்தை நகராட்சி சந்தேகப்படுவதா என்பது அவர் கேள்வி. பில் கலெக்டர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவர் முன் இருப்பது ஒரு பழைய பெயரும் ஒரு புதிய பெயரும். ஒன்றை அடித்து மற்றொன்றை எழுத, முதல் பெயரிலிருந்து இரண்டாவது பெயர் வரைக்கும் இடையில் அறுந்துபோகாத காகித வழி அவருக்கு வேண்டும். பத்திரம் காட்டுவது மகனிலிருந்து செவிலியர் வரை. அப்பாவிலிருந்து மகனுக்கு எப்படி வந்தது என்பதற்கு அந்த இணைப்பில் ஒன்றுமில்லை. நாளை விற்றவரின் தங்கை வந்து நின்றால் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நல்ல விண்ணப்பக் கடிதம் என்பது இந்த வழியைக் கோப்பு பார்ப்பவர் கேட்பதற்கு முன்பே எழுதி வைப்பது. பணிவான சொற்கள், நீண்ட முன்னுரை, குடும்பக் கஷ்டம் எதுவும் அதற்கு ஈடாகாது.

அந்த வழியை எங்கே தேடுவது? கையில் இருக்கும் கிரயப் பத்திரத்திலேயே அது இருக்கிறது. பத்திரத்தின் தொடக்கப் பக்கங்களில், விற்பவருக்குச் சொத்து எப்படிப் பாத்தியப்பட்டது என்று ஒரு பத்தி இருக்கும். யாரும் நின்று படிக்காத பத்தி அது. செவிலியரின் பத்திரத்தில் அந்தப் பத்தி சொன்னது இது: 1984இல் தகப்பனார் 1127 எண்ணுள்ள பத்திரத்தின் மூலம் வாங்கினார், அவர் மனைவி முன்பே காலமாகிவிட்டார், 2015இல் அவரும் காலமானார், வாரிசுகள் மகனும் மகளும் மட்டுமே, 2018இல் மகள் தன் பாகத்தை அண்ணனுக்கு 845 எண்ணுள்ள விடுதலைப் பத்திரத்தின் மூலம் விட்டுக்கொடுத்தார், முழு உரிமை பெற்ற மகன் இப்போது விற்கிறார். நகராட்சி கேட்ட கதை முழுவதும் நான்கு வரியில் அங்கேயே இருந்தது. அதைக் கடிதத்துக்கு மாற்றி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நகலை இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

மூலப் பத்திரமான 1984ஆம் ஆண்டுப் பத்திரத்தை விற்றவர் ஏற்கெனவே கொடுத்திருந்தார். விடுதலைப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண எண்ணைச் சொல்லிப் பெற முடிந்தது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் விற்றவரிடம் இருந்தன. விடுதலைப் பத்திரம் எழுதும்போதே அவற்றை வாங்கி வைத்திருந்தார். தொலைபேசியில் கேட்டதும் நகல் அனுப்பிவிட்டார். வாரிசுச் சான்றை வட்டாட்சியர்தான் தருவார். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்தார். விற்றவர் ஒத்துழைக்கவில்லை என்றால் வாங்கியவர் பாடு பெரும்பாடு. வீடு வாங்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே செய்துகொள்ளலாம்: பத்திரம் பதியும் நாளுக்கு முன்பே கடைசி வரி ரசீதைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள பெயர் விற்பவரின் பெயர்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு பெயரையும் இணைக்கும் காகிதங்கள் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இவற்றோடு 1984லிருந்து இன்றுவரைக்கான வில்லங்கச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். பதிவுத் துறையின் tnreginet.gov.in தளத்திலேயே எடுக்கலாம். அதில் மூன்று பத்திரங்களும் வரிசையாக நிற்கும்: அப்பா வாங்கியது, மகள் விடுதலை கொடுத்தது, செவிலியர் வாங்கியது. இடையில் அடமானமோ வேறு விற்பனையோ இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். ஆனால் இறப்பு எந்த வில்லங்கச் சான்றிதழிலும் ஏறாது. பதிவான பரிமாற்றங்கள் மட்டும்தான் அங்கே இருக்கும். அதனால்தான் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தனியாகத் தேவைப்படுகின்றன.

இன்னொரு இடறலும் அவருக்கு இருந்தது. பத்திரத்தில் கதவு எண் 11. வரி ரசீதில் கதவு எண் 27. இரண்டும் ஒரே வீடுதான். நகராட்சி இடையில் எண்களை மாற்றிவிட்டது. மகன் பத்திரம் எழுதும்போது அப்பாவின் பத்திரத்தைப் பார்த்துப் பழைய எண்ணையே போட்டுவிட்டார்கள். வரிவிதிப்பு எண்ணிலும் இதே தொல்லை உண்டு. கணக்கு கணினிக்கு ஏறியபோது பல ஊர்களில் புது எண் வந்தது. பழைய ரசீதில் ஒரு எண், புதிய ரசீதில் ஒரு எண். இரண்டையும் எழுதுங்கள். ஒரு எண்ணை மட்டும் எழுதினால் கோப்பு பார்ப்பவர் வேறு ஒரு வீட்டின் கணக்கைத் திறந்துவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கிறது. வீட்டை அடையாளம் காட்டுவது இந்த வரிவிதிப்பு எண்தான். முகவரிகூட இதற்கு அடுத்தபடிதான்.

கடிதம் எழுதும் முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நிலுவையைப் பார்த்துக் கட்டிவிடுவது. சென்னை தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு tnurbanepay.tn.gov.in தளத்தில் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தால் யார் பெயரில் கணக்கு இருக்கிறது, எந்த அரையாண்டு வரை கட்டியிருக்கிறது என்று தெரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. விற்றவர் வைத்துவிட்டுப் போன பாக்கியும் வாங்கியவர் தலையில்தான் விழும், ஏனென்றால் சொத்து வரி அந்தச் சொத்தின் மீதே நிற்கும் முதல் பொறுப்பு. ஆள் மாறினாலும் அது சொத்தை விட்டுப் போகாது. பாக்கி இருக்கும் கணக்கில் பெயர் மாற்றக் கேட்டால் முதலில் அதைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் பதில் வரும்.

செவிலியர் இரண்டாவது முறை கொடுத்த கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

அனுப்புநர்
(பத்திரத்தில் உள்ளபடி பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
ஆணையாளர் அவர்கள்,
…… நகராட்சி.

ஐயா,

பொருள்: சொத்து வரி – பெயர் மாற்றம் – வார்டு 14, மேலத் தெரு, புதிய கதவு எண் 27 (பழைய எண் 11) – வரிவிதிப்பு எண் …… (பழைய எண் ……) – கிரயம் பெற்ற என் பெயருக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: …… சார்பதிவாளர் அலுவலக ஆவண எண் 2314/2023, பதிவான நாள் 12.06.2023.

வணக்கம். பொருளில் கண்ட வீடும் மனையும் முழுவதையும் பார்வையில் கண்ட கிரயப் பத்திரத்தின் மூலம் திரு. …… அவர்களிடமிருந்து வாங்கி அனுபவித்து வருகிறேன்.

வரிவிதிப்புப் பதிவேட்டில் இந்த வீடு, எனக்கு விற்றவரின் தகப்பனார் திரு. …… (காலமானவர்) பெயரில் உள்ளது. அவர் இந்த வீட்டை ஆவண எண் 1127/1984 மூலம் வாங்கினார். 2015இல் காலமானார். அவருடைய வாரிசுகள் மகன் திரு. ……, மகள் திருமதி …… ஆகிய இருவர் மட்டுமே. மகள் தன் பாகத்தை ஆவண எண் 845/2018 விடுதலைப் பத்திரத்தின் மூலம் சகோதரருக்கு விட்டுக்கொடுத்துள்ளார். அதன்படி முழு உரிமை பெற்ற மகனிடமிருந்து நான் வாங்கியுள்ளேன்.

பத்திரத்தில் கதவு எண் 11 என்றும் வரி ரசீதில் 27 என்றும் உள்ளது. இரண்டும் ஒரே வீட்டின் பழைய, புதிய எண்கள்.

நடப்பு அரையாண்டு வரை சொத்து வரி செலுத்தப்பட்டுள்ளது. கட்டடத்தின் அளவிலும் பயன்பாட்டிலும் மாற்றம் எதுவும் இல்லை.

எனவே மேற்கண்ட வரிவிதிப்பில் உரிமையாளர் பெயரைக் கீழ்க்கண்டவாறு மாற்றி, அதற்கான ஆணையின் நகலை எனக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில்: ……
ஆங்கிலத்தில்: ……

இணைப்பு: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், விடுதலைப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்றிதழ், கடைசி வரி ரசீது, ஆதார் ஆகியவற்றின் நகல்கள்.

நாள், இடம், கையொப்பம்.

இந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இதில் சில இடங்களைக் கவனியுங்கள். பொருள் வரி நீளமாக, கோடு போட்டுப் போட்டுப் போவது பார்க்க அலங்காரமற்று இருக்கும். ஆனால் அலுவலகத்தில் கோப்பு தொடங்கும்போது அந்த வரிதான் அப்படியே குறிப்பின் தலையில் ஏறும். பிறகு கடிதத்தைத் திறக்காமலேயே எந்த வார்டு, எந்தக் கணக்கு, என்ன கோரிக்கை என்று மேலே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். வார்டும் வரிவிதிப்பு எண்ணும் பொருள் வரியிலேயே இருப்பது தபால் பிரிவுக்கும் வசதி. எந்த பில் கலெக்டரின் பகுதி என்று பார்த்தவுடன் பிரித்துவிடுவார்கள்.

“முழுவதையும்” என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டிருக்கிறது. பாதி வீடு, பின்கட்டு, மாடி என்று ஒரு பகுதியை மட்டும் வாங்கியவர்கள் பெயர் மாற்றம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் கேட்க வேண்டியது வரிவிதிப்பைப் பிரிக்கச் சொல்லி. பழைய கணக்கில் விற்றவர் பெயரும் மிச்ச அளவும் நிற்க, வாங்கிய பகுதிக்குப் புது எண்ணில் புதுக் கணக்கு திறக்க வேண்டும். அதற்கு அளவெடுக்க வருவார்கள், நேரம் கூடுதலாகும். கட்டுநரிடமிருந்து புது அடுக்குமாடி வீடு வாங்கியவர்களும் முதலில் பார்க்க வேண்டியது, தங்கள் வீட்டுக்குத் தனி வரிவிதிப்பு எண் இருக்கிறதா, அல்லது மொத்தக் கட்டடமும் கட்டுநர் பெயரில் ஒரே எண்ணில் கிடக்கிறதா என்பதை. ஒரே எண்ணில் கிடந்தால் பெயர் மாற்றக் கடிதம் திரும்பித்தான் வரும்.

கட்டடத்தில் மாற்றம் இல்லை என்று எழுதுவது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பம் போனால் பில் கலெக்டர் வீட்டை வந்து பார்ப்பது வழக்கம். கணக்கில் ஓட்டு வீடு, நேரில் மேலே ஒரு தளம், கீழே முன்பக்கம் கடை என்றால் அவர் அதை எழுதித்தான் ஆக வேண்டும். பெயர் மாற்றத்தோடு வரி மறுநிர்ணயமும் சேர்ந்து வரும். அப்படி இருந்தால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுவது மேல். மறைத்து எழுதிய ஒரு வரி, கடிதத்தில் இருக்கும் மற்ற நல்ல வரிகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே எழுதித் தருவதை நான் மிகவும் வற்புறுத்துவேன். கணினியில் ஏற்றுபவர் காதால் கேட்டதையோ கையெழுத்திலிருந்து ஊகித்ததையோ அடித்துவிட்டால், இன்னொரு கடிதம், இன்னொரு அலைச்சல். பத்திரத்தில் உள்ள பெயரையும் ஆதாரில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலெழுத்து வேறாக இருந்தால், வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற விளக்கத்தைக் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்து, கேட்டால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்கத் தயாராக இருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கியிருந்தால் இருவர் பெயரையும் முழுதாக எழுதக் கேளுங்கள். பழைய பதிவேடுகளில் ஒருவர் பெயரைப் போட்டு “வகையறா” என்று முடித்துவிடும் பழக்கம் உண்டு. அந்த ஒரு சொல்லில் மனைவியின் பெயர் காணாமல் போய்விடுகிறது. பாதி விலை கொடுத்த பெண்ணின் பெயர் வரி ரசீதில் இல்லாமல் போவதை அற்ப விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

கடிதத்தை நேரில் கொடுத்தால் இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் நாளுடன் அலுவலக முத்திரை வாங்குங்கள். இணையம் வழியே விண்ணப்பித்தால் விண்ணப்ப எண் வரும். கடிதத்தையும் இணைப்புகளையும் அப்போதும் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் இந்தக் கடிதம் வீண் போகாது. பெயர் மாற்றக் கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். கட்டியதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் கேட்கப்படும் எந்தப் பணமும் கட்டணம் ஆகாது.

தபால் பிரிவிலிருந்து கடிதம் வருவாய்ப் பிரிவுக்குப் போகும். பில் கலெக்டர் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். வருவாய் ஆய்வாளர் பத்திரங்களைச் சரிபார்த்துப் பரிந்துரைப்பார். பிறகு ஆணை வரும். இந்தப் பயணத்தில் கோப்புக்கு ஒரு ந.க. எண் விழுந்திருக்கும். அதைக் கேட்டு உங்கள் படியில் குறித்துக்கொண்டால், அடுத்த முறை போகும்போது “போன மாதம் கொடுத்தேனே” என்று நினைவூட்ட வேண்டியிருக்காது, எண்ணைச் சொன்னால் போதும். செவிலியரின் இரண்டாவது கடிதத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. விடுதலைப் பத்திரத்தின் கடைசிப் பக்க நகல் தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி எடுத்துக் கொடுத்தார். அடுத்த அரையாண்டு ரசீது அவர் பெயரில் வந்தது.

எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பதிலே வராமல் கடிதம் கிடப்பதும் உண்டு. அப்போது முதல் கடிதத்தின் நாளையும் ந.க. எண்ணையும் பார்வையில் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனுவில் “ஏன் மாற்றவில்லை” என்று கேட்பதில் பலன் குறைவு. ஏன் என்பதற்கு விளக்கம் எழுத அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பதிவேட்டில் உள்ளதைத்தான் தர வேண்டும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: இன்ன நாளில் நான் கொடுத்த விண்ணப்பம் இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக. குறிப்பின் நகல் கைக்கு வந்தால் எந்தக் காகிதம் இல்லாமல் கோப்பு நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பல நேரம் அதை நேரில் யாரும் சொல்லியே இருக்க மாட்டார்கள்.

உண்மையான தடை ஒன்றும் இருக்கிறது. வேறு யாராவது, விற்றவரின் உறவினரோ, முன்பே ஒப்பந்தம் போட்டவரோ, ஆட்சேபணை கொடுத்தால் நகராட்சி பெயரை மாற்றாமல் நிறுத்தி வைக்கும். யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்வது நகராட்சியின் வேலை அல்ல. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கி வாருங்கள் என்பார்கள். இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மாறிவிட்டது என்பதாலேயே சொத்து உங்களுடையது என்று ஆகிவிடாது. அரசுப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் உரிமை பிறப்பதும் இல்லை, போவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வருவாய்ப் பதிவேடுகள் தொடர்பான வழக்குகளில் 1996லும் 2021லும் சொல்லியிருக்கிறது. சொத்து வரிப் பதிவேட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். உரிமை பத்திரத்திலும் அது வந்த வழியிலும் இருக்கிறது. வரி ரசீது, வரியை யாரிடம் கேட்பது என்பதற்கான கணக்கு. அனுபவத்தில் இருப்பதற்கு ஒரு துணைச் சான்று. நீங்கள் வரி கட்டினால் பழைய உரிமையாளரின் வாரிசு தன் உரிமையை இழந்துவிட மாட்டார். அதேபோல, ரசீதில் அவர் அப்பா பெயர் இருப்பதாலேயே உங்கள் வீடு அவருக்குப் போய்விடவும் முடியாது. பெயர் மாறாமல் இருக்கிறதே என்று இரவு தூங்காமல் தவிக்கிறவர்களுக்கு இதைச் சொல்வது முக்கியம்.

ஆணை வந்ததும் இணையதளத்தில் உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆணையில் சரியாகவும் கணினியில் தவறாகவும் இருந்தால் உடனே சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் கோப்பு இன்னும் மேசையில் இருக்கும், திருத்துவது எளிது. குடிநீர் இணைப்பும் பாதாளச் சாக்கடை இணைப்பும் தனித்தனிக் கணக்குகள். அவற்றுக்குத் தனி எண் உண்டு, தனி விண்ணப்பம் வேண்டும். இதே கடிதத்தில் பொருள் வரியையும் எண்ணையும் மட்டும் மாற்றி, கிடைத்த ஆணையின் நகலை முதல் இணைப்பாக வைத்துக் கொடுத்தால், அப்பாவிலிருந்து மகன் வழியாக உங்களிடம் வந்த கதையை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்காது. மின் இணைப்புக்கும் அந்த நகலையும் கிரயப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போகலாம். விற்றவருக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள். இனி அந்த வீட்டு வரிக்கு அவரைத் தேடி யாரும் போக மாட்டார்கள் என்பதற்கு அவர் கையில் இருக்க வேண்டிய காகிதம் அது.